மரணச் செய்தியும் அஞ்சலியும்: சொல்ல உரிமை யாருக்கு?

விமான நிலையத்துக்கு இந்தப் பக்கம் பல்லாவரம், அந்தப் பக்கம் மணப்பாக்கம். 2023 நவம்பர் 18 அன்று விஜயகாந்த் மணப்பாக்கம் மியாட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதிலிருந்து, ஜி.எஸ்.டி. சாலை ஓரத்து டீக்கடைகளில் தினமும் அதே பேச்சுதான். தென்சென்னைப் புறநகரில் மருத்துவமனை ஊழியர்கள் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். அதனால் இங்கே வதந்திக்கு ஒரு கூடுதல் பலம் உண்டு. 'உள்ளே வேலை பார்க்கிற பொண்ணே சொல்லுச்சு' என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் அதன் பிறகு யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

நவம்பர் 29 அன்று மருத்துவமனை ஓர் அறிக்கை வெளியிட்டது. முந்தைய 24 மணி நேரமாக அவருடைய உடல்நிலை சீராக இல்லை, நுரையீரல் சிகிச்சைக்கான உதவி தேவைப்படுகிறது, இன்னும் 14 நாட்கள் சிகிச்சை தொடர வேண்டியிருக்கும் என்பதுதான் அதன் சாரம். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டே பலர் அவரை மனதளவில் அனுப்பிவைத்துவிட்டார்கள். இறந்துவிட்டார், மறைக்கிறார்கள் என்று செய்தி சுற்றியது. வதந்திகளை நம்ப வேண்டாம் என்று அவர் மனைவி பிரேமலதா காணொளி வெளியிட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. டிசம்பர் 11 அன்று விஜயகாந்த் வீடு திரும்பினார். 14ஆம் தேதி தேமுதிக பொதுக்குழுவுக்கு வந்து மேடையில் அமர்ந்தார். நவம்பர் கடைசியில் கண்ணீர் அஞ்சலி எழுதியவர்கள் அன்றைக்கு அதை அழித்திருப்பார்கள் என்று நம்புவோம்.

டிசம்பர் கடைசி வாரத்தில் அவர் மறுபடியும் அனுமதிக்கப்பட்டார். 28ஆம் தேதி காலையில் இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. கொரோனா தொற்று உறுதியாகியிருக்கிறது, மூச்சுவிடச் சிரமம் இருப்பதால் வென்டிலேட்டர் பொருத்தப்பட்டிருக்கிறது என்று முதலில் கட்சி சொன்னது. அதன்பின் வந்த மருத்துவமனை அறிக்கை, நிமோனியாவுக்காக அனுமதிக்கப்பட்டு வென்டிலேட்டர் உதவியில் இருந்த அவர் அன்று காலை காலமானார் என்றது. அதில் கொரோனா என்ற சொல் இல்லை. இரண்டும் பொறுப்பான இடத்திலிருந்து வந்தவை, ஒன்றையொன்று மறுப்பவையும் அல்ல. ஆனால் 'கொரோனாவால் விஜயகாந்த் மரணம்' என்று எழுதினால், இரண்டு அறிக்கைகளும் சொல்லாத மூன்றாவது ஒன்றை நாமே சொல்லிவிடுகிறோம். கட்சி சொன்னது தொற்றைப் பற்றி. மருத்துவமனை சொன்னது அவர் எதற்காகச் சேர்க்கப்பட்டார் என்பதைப் பற்றி. இரண்டையும் ஒட்டி ஒரு மரணக் காரணம் தயாரிப்பது நம் வேலை இல்லை.

அஞ்சலி எழுதுபவர் ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியது, இதைச் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைத்தான். இறந்த நேரமும் மருத்துவக் காரணமும் என்றால் சிகிச்சை அளித்த மருத்துவமனையோ குடும்பமோ சொல்ல வேண்டும். அடக்கம் எங்கே, எப்போது என்பதைக் குடும்பமும் கட்சியும் சொல்ல வேண்டும். அரசு மரியாதை உண்டா என்பதை அரசு சொல்ல வேண்டும். நோயாளியைப் பற்றித் தெரிந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே மருத்துவர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. 'உள்ளே இருக்கிறவங்க சொன்னாங்க' என்பது உண்மையாகவே இருந்தாலும் அது ஒருவர் தன் கடமையை மீறிச் சொன்னது. அதை நம்பி எழுதுபவரும் அந்த மீறலில் பங்கு எடுத்துக்கொள்கிறார்.

நேரத்தைப் பற்றிய சிக்கலுக்குத் தமிழ்நாட்டில் ஜெயலலிதாவின் மரணத்தைவிடப் பெரிய உதாரணம் இல்லை. 2016 செப்டம்பர் 22 அன்று அப்போலோவில் சேர்க்கப்பட்டவருக்கு டிசம்பர் 4 அன்று மாரடைப்பு ஏற்பட்டதாகச் செய்தி வந்தது. மறுநாள் மாலை சில தமிழ்த் தொலைக்காட்சிகள் அவர் இறந்துவிட்டதாகவே அறிவித்தன. ராயப்பேட்டை கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை அதை மறுத்தது, கொடி மறுபடி மேலே ஏறியது. அன்று இரவு 11.30 மணிக்கு அவர் காலமானார் என்ற அறிவிப்பு நள்ளிரவைத் தாண்டி வந்தது. அந்த மாலை நேரத்தில் புறநகர் முழுக்கக் கடைகள் அடைக்கப்பட்டதும், அலுவலகம் விட்டவர்கள் ரயிலுக்கு முண்டியடித்ததும் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். ஒரு மரணச் செய்தி ஆறு மணி நேரம் முந்தி வருவதால் என்ன நடக்கும் என்பதை அன்று நேரடியாகப் பார்த்தோம்.

அதோடு அது முடியவில்லை. 2017இல் அமைக்கப்பட்ட ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அவர் இறந்தது டிசம்பர் 4 பிற்பகல் 3 மணியிலிருந்து 3.50க்குள் என்று, சாட்சியங்களின் அடிப்படையில், அந்த அறிக்கை சொன்னது. ஆணையத்துக்கு உதவ அமைக்கப்பட்ட எய்ம்ஸ் மருத்துவர் குழுவோ, அளிக்கப்பட்ட சிகிச்சை சரியான மருத்துவ நடைமுறைப்படியே இருந்தது என்று கருத்துச் சொல்லியிருந்தது. ஆக, ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய நினைவு நாளில் எழுதுபவருக்கு முன்னால் இரண்டு தேதிகள் இருக்கின்றன. என்ன செய்வது? அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட நாள் டிசம்பர் 5, நினைவு நாளும் அன்றுதான் கடைப்பிடிக்கப்படுகிறது. எனவே சிறிய அஞ்சலிக் குறிப்பில் அதுவே போதும். நீண்ட கட்டுரை என்றால் ஆணையம் சொன்னதை 'ஆணையத்தின் முடிவு' என்று பெயர் சொல்லியே எழுதலாம். யாருடைய முடிவு என்று சொல்லாமல் 'உண்மையில் அவர் 4ஆம் தேதியே இறந்துவிட்டார்' என்று எழுதுவதுதான் தவறு. 'உண்மையில்' என்ற அந்த ஒரு சொல் எழுதுபவரை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிடுகிறது.

காரணத்தைப் பற்றிய வதந்தி இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் அது உயிரோடு இருப்பவர்களின் முடிவுகளை மாற்றிவிடும். நடிகர் விவேக்கின் மரணம் அப்படிப்பட்டது. 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கோவாக்சின் தடுப்பூசி போட்டுக்கொண்டார். மக்கள் தயங்கக் கூடாது என்பதற்காகவே செய்தியாளர்கள் முன்னிலையில் பேசினார். மறுநாள் காலை மயக்கமுற்ற நிலையில் வடபழனி சிம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். 17ஆம் தேதி அதிகாலை 4.35 மணிக்கு இறந்தார். வயது 59. அவரைத் தடுப்பூசி கொன்றுவிட்டது என்ற பேச்சு, அவர் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது.

இதில் எவை தெரிந்த தகவல்கள் என்று பிரித்துப் பார்ப்போம். 15ஆம் தேதி ஊசி போட்டுக்கொண்டது தெரியும், படம் இருக்கிறது. இதயத்தின் இடது பக்கத்து முக்கிய ரத்தக்குழாயில் 100 சதவீத அடைப்பு இருந்தது என்று ஆஞ்சியோகிராம் செய்த மருத்துவமனை சொன்னது. அடைப்பு நீக்கும் சிகிச்சை நடந்ததும், எக்மோ கருவி பொருத்தப்பட்டதும் தெரியும். ஊசிக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்று மருத்துவமனையும் சுகாதாரத் துறைச் செயலரும் சொன்னார்கள். முந்தைய நாள் நடந்தது, அடுத்த நாள் நடந்தது என்ற வரிசை மட்டும்தான் எதிர்த்தரப்பில் இருந்தது. அந்த மாதத்தில் நாடு முழுக்கத் தினமும் லட்சக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரில் சிலருக்கு அடுத்த நாளே மாரடைப்பு வருவது, ஊசியே இல்லாவிட்டாலும் நடந்திருக்கும். அந்தச் சிலரில் ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த முகமாக இருந்தால், தற்செயல் நமக்குக் காரணமாகத் தெரிகிறது.

ஊசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராய்வதற்கென்றே ஒரு தேசியக் குழு இருக்கிறது. அது இந்த மரணத்தையும் ஆராய்ந்து, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று முடிவு சொன்னது. அந்த முடிவு வெளியே வந்தது 2021 அக்டோபரில், அதாவது மரணத்துக்கு ஆறு மாதம் கழித்து. அஞ்சலி எழுதப்படுவதோ முதல் ஆறு மணி நேரத்தில். விசாரணை முடிய ஆறு மாதம் பிடிக்கும் ஒரு கேள்விக்கு, முதல் நாள் மாலையே யாராலும் விடை எழுத முடியாது. நல்ல எண்ணத்தோடு எழுதுபவர்களும் இங்கேதான் வழுக்குகிறார்கள். 'தடுப்பூசிதான் காரணம் என்று கூறப்படுகிறது, ஆனால் உறுதியாகவில்லை' என்று எழுதிவிட்டு, நடுநிலையாக நடந்துகொண்டதாக நினைக்கிறார்கள். படிப்பவர் மனதில் முதல் பாதி தங்கும், இரண்டாம் பாதி தங்காது. 'கூறப்படுகிறது' என்று வால் ஒட்டினாலும் வதந்தி வதந்திதான். அதை மறுப்பதற்காகக்கூட அஞ்சலியில் குறிப்பிடத் தேவையில்லை. மறுப்பு வேண்டுமென்றால் அதைத் தனியாக எழுதலாம். தடுப்பூசியைப் பற்றி அவதூறாகப் பேசியதாக ஒரு நடிகர் மீது வழக்குப் பதிவாகி, முன்ஜாமீன் கேட்டு அவர் உயர் நீதிமன்றம் வரை போக நேர்ந்தது என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தற்கொலையோ என்று ஐயப்படும் மரணமாக இருந்தால் விதி இன்னும் எளியது. எப்படி நடந்தது, எங்கே நடந்தது, குறிப்பு எழுதியிருந்தாரா, யாரால் என்று எதையும் தொடக்கூடாது. இந்தியப் பத்திரிகை மன்றம் 2019இல் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலை ஒட்டி ஏற்றுக்கொண்ட நெறிமுறையும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது.

அடக்கம் முடிந்த பிறகும் வதந்தி ஓய்வதில்லை. எஸ்.பி. பாலசுப்ரமணியம் 2020 ஆகஸ்ட் 5 அன்று அமைந்தகரை எம்.ஜி.எம். மருத்துவமனையில் சேர்ந்தபோது, லேசான அறிகுறிதான் என்று தானே காணொளியில் பேசினார். பிறகு நிலைமை மோசமாகி, வென்டிலேட்டரும் எக்மோவும் தேவைப்பட்டன. ஆகஸ்ட் 24 அன்று அவருக்குத் தொற்று நீங்கிவிட்டதாக மகன் சரண் பெயரிலேயே ஒரு செய்தி பரவியது. அது உண்மையல்ல என்று சரண் காணொளி வெளியிட்டார். குடும்பத்தார் பெயர் போட்டு வருவதும் குடும்பத்தார் சொல்வதும் ஒன்றல்ல என்பதற்கு இது போதும். தொற்று நீங்கிய செய்தியைச் சரணே சொன்னது செப்டம்பரில்தான். செப்டம்பர் 25 பிற்பகல் 1.04 மணிக்கு எஸ்.பி.பி. மறைந்தார். மறுநாள் தாமரைப்பாக்கம் பண்ணை வீட்டில் அடக்கம். அதற்குப் பிறகு வேறொரு கதை கிளம்பியது. பணம் கட்டாததால் மருத்துவமனை உடலைத் தர மறுத்தது, டெல்லியில் ஒரு பெரிய இடத்திலிருந்து தொலைபேசி வந்த பிறகே தந்தது என்று. தந்தையை அடக்கம் செய்த கையோடு சரண் மருத்துவமனையுடன் சேர்ந்து அதையும் மறுக்க வேண்டியதாயிற்று. கதையைப் பரப்பியவர்களில் பெரும்பாலோர் எஸ்.பி.பி.யின் ரசிகர்கள். ஒரு பெரிய மனிதருக்குக் கொடுமை நடந்துவிட்டதே என்ற கோபத்தில்தான் அனுப்பினார்கள். அன்பினால் பரவும் வதந்தியைப் பிடிப்பது கடினம். அது வதந்தியின் முகத்தோடு வருவதில்லை.

மரணத்தைச் சுற்றிய தகவல்களில் இவ்வளவு கவனமாக இருந்துவிட்டு, வாழ்க்கையைப் பற்றிய பகுதியில் கோட்டை விடுபவர்களும் உண்டு. எஸ்.பி.பி. 40,000 பாடல்கள் பாடினார் என்று அவருக்கான பல அஞ்சலிகளில் வந்தது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவருடைய முதல் திரைப்பாட்டு 1966இல் பதிவானது. 2020 வரை 54 ஆண்டுகள், ஏறத்தாழ 19,700 நாட்கள். 40,000 பாட்டு என்றால் 54 ஆண்டுகளும் ஞாயிறு, பண்டிகை, காய்ச்சல், வெளிநாட்டுப் பயணம் எதற்கும் விடுப்பு இல்லாமல் தினமும் இரண்டு. ஒரே நாளில் பத்துப் பதினைந்துக்கு மேல் பாடிய நாட்கள் அவருக்கு உண்டு என்பதால், முடியவே முடியாது என்று சொல்ல வரவில்லை. அந்த எண் எண்ணிச் சொன்னதா, சொல்லிச் சொல்லி நிலைத்ததா என்ற கேள்வியாவது எழ வேண்டும். எழுந்தால் 'பல்லாயிரம் பாடல்கள், ஆறு தேசிய விருதுகள்' என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆறு என்பது பட்டியலில் இருப்பது. எஸ்.பி.பி.யின் பெருமைக்கு அந்த ஆறே போதும்.

விவேக்கின் மரக்கன்றுகளும் அப்படித்தான். அப்துல் கலாமின் தூண்டுதலால் ஒரு கோடி மரம் நடுவதை இலக்காக எடுத்துக்கொண்டார். 33 லட்சத்தைத் தாண்டிவிட்டதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. சில அஞ்சலிகளில் இலக்கே சாதனையாகி, 'ஒரு கோடி மரம் நட்ட விவேக்' என்று வந்துவிட்டது. அப்படி எழுதுவது அவரை உயர்த்துவதாகத் தோன்றும். மீதியை நட வேண்டிய கடமையை நம்மிடமிருந்து கழற்றிவிடுவதுதான் அதன் விளைவு.

சரி, விஜயகாந்துக்கே திரும்புவோம். பல்லாவரத்தில் ஒரு குடியிருப்போர் சங்கம் 28ஆம் தேதி மதியம் அறிவிப்புப் பலகையில் ஓர் அஞ்சலி வைக்க விரும்புகிறது என்று கொள்வோம். கைக்கு முதலில் வருவது இப்படித்தான் இருக்கும்: 'கொரோனாவின் கொடூரத்துக்குப் பலியான கேப்டன். இன்று அதிகாலையே உயிர் பிரிந்துவிட்டதாம். கடைசியாகக் கட்சிக்காரர்களைப் பார்க்க வேண்டும் என்றாராம்.' இதில் பெயரைத் தவிர உறுதியானது ஒன்றும் இல்லை. 'ஆம்' என்று முடிகிற ஒவ்வொரு வினையும் சொன்னவர் யாரென்று தெரியாமல் வந்து சேர்ந்தது. கடைசி வார்த்தைகளை எப்போதுமே சந்தேகப்படலாம். வென்டிலேட்டரில் இருப்பவர் பேச முடியாது என்ற சாதாரண உண்மையே இதை அடித்துவிடுகிறது.

உறுதியானதை மட்டும் வைத்து எழுதினால் இப்படி வரும்:

'நடிகரும் தேமுதிக நிறுவனருமான விஜயகாந்த் 2023 டிசம்பர் 28 காலை மணப்பாக்கம் மியாட் மருத்துவமனையில் காலமானார். நிமோனியாவுக்குச் சிகிச்சை பெற்றுவந்ததாக மருத்துவமனை அறிவித்துள்ளது. அவருக்கு வயது 71. 1979இல் "இனிக்கும் இளமை" படத்தில் அறிமுகமாகி, 150க்கு மேற்பட்ட படங்களில் நடித்தார். நூறாவது படமான "கேப்டன் பிரபாகரன்" 1991இல் வெளியாகி, அவருக்குக் கேப்டன் என்ற பெயரை நிலைக்கச் செய்தது. நடிகர் சங்கத் தலைவராக இருந்தார். 2005இல் கட்சி தொடங்கி, 2006இல் விருத்தாசலத்திலும் 2011இல் ரிஷிவந்தியத்திலும் வென்று, எதிர்க்கட்சித் தலைவராகப் பணியாற்றினார். அவருடைய தியாகராய நகர் அலுவலகத்தில் பசித்து வந்தவர்களுக்குச் சாப்பாடு கிடைத்தது. அவர் குடும்பத்தாருக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்.'

எழுபதை ஒட்டிய சொற்கள்தான். இதில் ஒவ்வொரு வரியும் நாளைக்கும் நிற்கும். நோயைச் சொல்லும் வரியில் 'மருத்துவமனை அறிவித்துள்ளது' என்று இருப்பதைக் கவனியுங்கள். படங்களின் சரியான எண்ணிக்கை செய்திக்குச் செய்தி மாறுவதால் '150க்கு மேற்பட்ட' என்று இருக்கிறது. அடக்கம் பற்றி மதியம் வரை தெளிவு இல்லையென்றால் ஒன்றும் எழுதத் தேவையில்லை. உண்மையில் அவர் உடல் முதலில் கோயம்பேடு கட்சி அலுவலகத்திலும், மறுநாள் தீவுத்திடலிலும் வைக்கப்பட்டு, மறுபடி கோயம்பேட்டுக்கே வந்து அரசு மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. முதல் நாளே இடத்தை எழுதி, தெரிந்தவர்களைத் தவறான இடத்துக்கு அனுப்பியவர்கள் இருந்திருப்பார்கள்.

படத்திலும் இதே கவனம் வேண்டும். மூச்சுக் கருவியோடு படுத்திருக்கும் படம் உண்மையானதே என்றாலும் போடக்கூடாது. பெரும்பாலும் அது பழையதாகவோ வேறொருவருடையதாகவோ இருக்கும். மருத்துவமனை அறிக்கை என்று சொல்லி வருவதில், தேதி, நேரம், கையெழுத்திட்டவரின் பதவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே அறிக்கை மருத்துவமனையின் சொந்தக் கணக்கிலோ, குறைந்தது இரண்டு நாளிதழ்களிலோ வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்ப வேண்டும். இரண்டு தொலைக்காட்சிகள் ஒன்றையொன்று பார்த்துச் சொல்வது இரண்டு சான்றாகாது என்பதை 2016 டிசம்பர் 5 மாலை காட்டிவிட்டது. பலகை அச்சிடும் கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'ரெடியா வெச்சுக்கறேன், நீங்க சொன்னதும் பிரிண்ட் போடலாம்' என்று முன்கூட்டியே வடிவமைத்து வைப்பதில் தவறில்லை. அந்த மாதிரிப் படத்தைக் கைபேசியில் அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வதில்தான் வினை இருக்கிறது. 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதிய படம் ஒருமுறை கடையை விட்டுப் போய்விட்டால், அது மாதிரி என்று பார்ப்பவருக்குத் தெரியாது.

தவறான ஒன்று நம் பெயரில் வெளியே போய்விட்டால் அதைச் சத்தமில்லாமல் அழிப்பது போதாது. அனுப்பிய அதே குழுவில், அதே பலகையில், 'காலை எழுதியதில் இந்தத் தகவல் தவறு' என்று ஒரு வரி எழுத வேண்டும். அழித்துவிட்டால் ஏற்கெனவே படித்தவர்கள் தவறோடு அப்படியே இருப்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ராஜாபாதர் தெருவில் விஜயகாந்த் அலுவலகத்தில் சாப்பிட்டவர்கள், விவேக்கோடு சேர்ந்து பள்ளி வளாகத்தில் கன்று நட்டவர்கள், எஸ்.பி.பி.யின் மேடையில் வாத்தியம் வாசித்தவர்கள் இந்தப் புறநகரில் இருக்கிறார்கள். மருத்துவமனைக்குள் என்ன நடந்தது என்று அவர்களைக் கேட்காதீர்கள். எந்த ஆண்டு, எந்த இடம், கூட யார் இருந்தார்கள் என்று கேட்டு, அதை அவர்கள் பெயரோடும் சம்மதத்தோடும் எழுதிவையுங்கள்.